‘டெல் மீ’ சரி, ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ ஏன் தப்பு?

‘டெல் மீ தி ரூல்’ என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே இடத்தில் ‘எக்ஸ்பிளெய்ன் மீ தி ரூல்’ என்று எழுதினால் திருத்துகிறவரின் சிவப்புப் பேனா உடனே கீழே இறங்கும். ‘எக்ஸ்பிளெய்ன் தி ரூல் டு மீ’ என்று மாற்றி எழுதித் தருவார். ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான், காதுக்குச் சரியாகப் படவில்லை” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

தமிழில் யோசித்துப் பார்த்தால் குழப்பம் நியாயமானதுதான். ‘எனக்கு விதியைச் சொல்லுங்கள்’, ‘எனக்கு விதியை விளக்குங்கள்’ என்ற இரண்டிலும் ‘எனக்கு’ ஒரே மாதிரி நிற்கிறது. வினைச்சொல் மாறினாலும் நான்காம் வேற்றுமை உருபு மாறுவதில்லை. நம்மைப் போலவே ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அவர்கள் மொழிகளிலும் ‘எனக்கு’ என்பதற்கு ஈடான சிறுசொல் ஒன்று விளக்குதல் என்ற வினையோடு நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலக் காதுக்கு ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ ஏன் உறுத்துகிறது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ‘ஹௌ வில் யூ எக்ஸ்பிளெய்ன் மீ டு யுவர் மதர்?’ என்று ஒரு பெண் காதலனைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது சுத்தமான ஆங்கிலம். ‘என்னைப் பற்றி உன் அம்மாவிடம் என்னவென்று விளக்கப் போகிறாய்?’ என்று பொருள். இங்கே ‘மீ’ என்பது விளக்கப்படும் விஷயம். ‘எக்ஸ்பிளெய்ன்’ என்ற வினைக்கு அடுத்து நிற்கும் சொல்லை, விளக்கப்படும் விஷயமாகத்தான் ஆங்கிலம் எடுத்துக்கொள்கிறது. ‘எக்ஸ்பிளெய்ன் மீ தி ரூல்’ என்று தொடங்கும்போது, கேட்பவர் ‘இவரையா விளக்கச் சொல்கிறார்?’ என்று அரை நொடி தடுமாறுகிறார். ‘டெல்’ அப்படி இல்லை. அதற்கு அடுத்து வரும் ஆள், கேட்கிற ஆள்தான்.

ஆக, ஆங்கிலத்தில் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. முதலாவதில் வினை, ஆள், பொருள் என்ற வரிசை: ‘கிவ் ஹர் தி புக்’. இரண்டாவதில் வினை, பொருள், பிறகு ‘டு’ போட்டு ஆள்: ‘கிவ் தி புக் டு ஹர்’. கிவ், செண்ட், ஷோ, டெல், டீச், லெண்ட், ஆஃபர் போன்றவை இரண்டு அமைப்பிலும் வரும். எக்ஸ்பிளெய்ன், டிஸ்கிரைப், சஜெஸ்ட், கன்ஃபர்ம், அனௌன்ஸ், மென்ஷன், டொனேட் போன்றவை இரண்டாவதில் மட்டும் வரும். சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், தமிழைப் போலவே, பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. கொடு, அனுப்பு, சொல் போன்ற பழைய வினைகள் ஆளையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டன. யார் பெறுபவர் என்பதை உருபே காட்டிவிடும். பிறகு உருபுகள் தேய்ந்து போயின. வேலையை அந்தச் சொல்வரிசையே எடுத்துக்கொண்டது. அப்படி மிஞ்சியதுதான் ‘டெல் மீ தி ரூல்’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்களும், அதைத் தொடர்ந்து நேராக லத்தீனிலிருந்து படிப்பாளிகள் கொண்டுவந்த சொற்களும் ஆங்கிலத்துக்குள் வந்தன. லத்தீன் வழி வந்த ‘எக்ஸ்பிளெய்ன்’ 15ஆம் நூற்றாண்டில்தான் உள்ளே நுழைந்தது. அதற்குள் ஆங்கிலத்தில் ‘டு’ போட்டு ஆளைச் சேர்க்கும் வழக்கம் நன்றாக வேரூன்றியிருந்தது. பின்னால் வந்த வினைகளில் பெரும்பாலானவை அந்த வழியிலேயே போயின.

சாதாரண ஆங்கிலம் பேசுகிறவருக்கு எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் ஒலியில் ஒரு தடயம் இருக்கிறது. பழைய வினைகள் பெரும்பாலும் ஒற்றை அசை கொண்டவை: டெல், கிவ், செண்ட், ஷோ. அல்லது அழுத்தம் முதல் அசையில் விழும்: ‘ஆ’ஃபர். லத்தீன் வழி வந்தவற்றில் பலவற்றுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில்: எக்ஸ்‘பிளெய்ன்’, டிஸ்‘கிரைப்’, ச‘ஜெஸ்ட்’, கன்‘ஃபர்ம்’. சந்தேகம் வரும்போது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் பின்னால் விழுந்தால் ‘டு’ போடுவது பத்திரம்.

‘பத்திரம்’ என்றுதான் சொன்னேன், விதி என்று சொல்லவில்லை. ‘சே’ ஒற்றை அசை, அசல் பழைய ஆங்கிலச் சொல். ஆனாலும் ‘சே மீ தி ரூல்’ தப்பு. ‘மென்ஷன்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில், இருந்தும் ‘மென்ஷன் மீ தி டேட்’ தப்பு. மறுபக்கம், ‘அசைன்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில், ஆனால் ‘தே அசைன்டு மீ எ ரூம்’ சரி. ‘டினை’ அதேபோல்: ‘தே டினைட் ஹிம் பர்மிஷன்’ சரி.

பொருளை வைத்துப் பிடிக்கலாமா என்றால், அங்கேயும் பாதி வழிதான் போக முடிகிறது. ஆளை முன்னால் வைக்கும் அமைப்புக்கு, ஒருவர் கையில் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது என்ற உள்ளர்த்தம் உண்டு. ‘செண்ட் எ பார்சல் டு தி பார்டர்’ எனலாம். ‘செண்ட் தி பார்டர் எ பார்சல்’ எனக் கூடாது, ஏனென்றால் எல்லைக்கோடு பார்சலை வாங்கிக்கொள்ளாது. இந்த உள்ளர்த்தம் பொருந்தினால் புதிய வினைகள்கூட அந்த அமைப்புக்குள் எளிதாக நுழைந்துவிடும். மின்னஞ்சல் வந்த பிறகு ‘ஈமெயில் மீ தி ஃபைல்’ என்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது. ‘டெக்ஸ்ட் மீ தி அட்ரஸ்’ அப்படியே. ஆனால் விளக்கம் சொன்னால் மட்டும் கேட்பவருக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லையா என்ன? பொருளின்படி பார்த்தால் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ சரியாக இருந்திருக்க வேண்டும்.

சரி, ஆங்கிலக் குழந்தைகளுக்கு இது எப்படித் தெரிகிறது? 1979இல் சி. எல். பேக்கர் என்ற மொழியியலாளர் இதையே ஒரு புதிராக எழுப்பினார். குழந்தை ‘டொனேட் தெம் தி புக்’ என்று சொல்லக் கூடாது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. பெற்றோர் பிள்ளைகளின் பேச்சில் உண்மை சரியா என்று பார்ப்பார்கள், இலக்கணத்தைத் திருத்துவது அபூர்வம். கேட்காத ஒரு வாக்கியம், தப்பானதால் கேட்கவில்லையா, தற்செயலாகக் கேட்கவில்லையா என்று குழந்தை எப்படி முடிவு செய்யும்?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அடெல் கோல்ட்பெர்க் 2019இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்பு, வேண்டுமென்றே தப்பாக வைத்த ‘எக்ஸ்பிளெய்ன் மீ திஸ்’. அவர் தரும் பதிலின் சாரம் இதுதான்: விளக்கம் கேட்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் குழந்தையின் காதில் ‘எக்ஸ்பிளெய்ன் திஸ் டு மீ’ என்பதே விழுகிறது. ஆளை முன்னால் வைத்திருக்கலாம் என்ற இடத்திலெல்லாம் இன்னொரு அமைப்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. திரும்பத் திரும்ப அப்படி நடக்கும்போது, காலியாக இருந்த இடம் பூட்டப்பட்ட இடமாகிவிடுகிறது. நூறு வினைகளில் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனித்தனி நினைவு சேர்கிறது.

எனக்கு இந்த விளக்கம் பிடித்திருப்பதற்குக் காரணம், நாம் ஏன் வழுக்குகிறோம் என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. நம் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் காதில் விழுவது பெரும்பாலும் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’தான். பூட்டப்பட வேண்டிய இடம் நமக்குத் திறந்தே கிடக்கிறது. இது இந்திய ஆங்கிலம், இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. நண்பர்களுக்குள் பேசும்போது அதில் நட்டமில்லை. தேர்வுத்தாளும் வெளிநாட்டுக்குப் போகும் கடிதமும் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது.

காதை நம்ப முடியாதவர் கண்ணை நம்பலாம். அதற்காகவே ஒருவகை அகராதி இருக்கிறது. அதன் கதை ஜப்பானில் தொடங்குகிறது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924இல் அங்கே ஆங்கிலம் கற்பிக்கப் போனார். டோக்கியோவில் ஹெரால்டு பாமர் நடத்திய ஆங்கிலக் கல்வி ஆய்வு நிறுவனத்தோடு பிறகு சேர்ந்துகொண்டார். சொல்லின் பொருள் தெரிந்த மாணவரும் அதை வாக்கியத்தில் வைக்கத் தெரியாமல் தடுமாறுவதை அவர்கள் தினமும் பார்த்தார்கள். அதனால் ஹார்ன்பி தயாரித்த அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில், அது எந்த அமைப்பில் வரும் என்பதற்கு ஒரு குறியீடு போட்டார். அமைப்புகள் மொத்தம் 25. அந்த அகராதி 1942இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதைத் தன் பெயரில் வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் டிக்‌ஷனரி என்று கடைகளில் இருப்பது அதன் வாரிசு.

எண் குறியீடுகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதால், இப்போது அமைப்பையே நேராக அச்சிடுகிறார்கள். அச்சுப் பிரதியில் ஆளுக்கு `sb`, பொருளுக்கு `sth` என்று சுருக்கம். அலைக்குறி இருந்தால் அங்கே தலைச்சொல்லை வைத்துப் படிக்க வேண்டும். இரண்டு வினைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
explain   ~ sth (to sb)
tell      ~ sb sth  |  ~ sth to sb
```

இந்த ஒரு வரியை முழுசாகப் படிக்கத் தெரிந்தால் போதும். `explain` என்பதற்கு அடுத்து `sth` நிற்கிறது. அதாவது பொருள்தான் முதலில். ஆள் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிடலாம் என்று அர்த்தம். வேண்டுமென்றால் சேர்க்கலாம், ஆனால் `to` இல்லாமல் சேர்க்கக் கூடாது. `tell` என்பதில் `sb` அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கிறார். ‘டெல்’ வீட்டில் கேட்பவர் குடும்பத்தில் ஒருவர், ‘எக்ஸ்பிளெய்ன்’ வீட்டில் அவர் விருந்தாளி. வந்தால் ‘டு’ என்ற வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

நம் ஊரில் பரவலாக இருக்கும் இன்னொரு தப்பையும் இதே வரி காட்டிக்கொடுத்துவிடும். ‘ஹி டோல்டு தட் ஹி வாஸ் சிக்’ என்று எழுதுகிறோம். `tell` என்பதற்கு அடுத்து `sb` கட்டாயம் என்பதால் அது ‘டோல்டு மீ தட்’ என்றிருக்க வேண்டும். ஆள் யாரென்று சொல்ல விருப்பமில்லையென்றால் ‘செட் தட்’ என்று வினையை மாற்ற வேண்டும். ‘டோல்டு டு மீ தட்’ என்பதும் கிடையாது.

இப்போது ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட ஒருவர் நிறுவனத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்டு பை யுவர் ஸ்டாஃப் தட் மை கிளெய்ம் இஸ் ரிஜெக்டெட். கைண்ட்லி எக்ஸ்பிளெய்ன் மீ தி ரீசன். ப்ளீஸ் சஜெஸ்ட் மீ வாட் டு டூ. செண்ட் மீ தி ஃபார்ம் அண்ட் கன்ஃபர்ம் மீ தி டேட்.’ ஐந்து இடத்தில் ஓர் ஆள் வருகிறார். அதில் ஒன்றுதான் சரி.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்கலாம், அது நமக்குத் தெரிந்த வினை. பொருளை முன்னால் தள்ளினால் ‘எக்ஸ்பிளெய்ன் தி ரீசன் டு மீ’. கடிதம் எழுதுபவருக்குத்தான் விளக்கம் தேவை என்பது வெளிப்படை. எனவே ‘டு மீ’யையே வெட்டிவிட்டு ‘எக்ஸ்பிளெய்ன் தி ரீசன்’ என்று நிறுத்துவது இன்னும் நல்ல ஆங்கிலம். பொருள் நீளமாக இருந்தால், குறிப்பாக ‘ஒய்’, ‘ஹௌ’ என்று தொடங்கும் கிளை வாக்கியமாக இருந்தால், ஆள் முன்னால் வரலாம். ஆனால் ‘டு’வைக் கூடவே கூட்டிக்கொண்டு வர வேண்டும்: ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ ஒய் தி கிளெய்ம் வாஸ் ரிஜெக்டெட்’. பேச்சில் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் ‘டெல் மீ ஒய்’ நாக்கில் தயாராக இருக்கிறது.

அடுத்து ‘சஜெஸ்ட்’. இணைய அகராதியில் தேடினால் இந்த அமைப்புகள் கண்ணில் படும்:

```
suggest something to somebody
suggest that…
suggest doing something
```

எங்கேயும் `suggest somebody something` இல்லை. ‘சஜெஸ்ட் மீ எ குட் டாக்டர்’, ‘சஜெஸ்ட் மீ வாட் டு டூ’ இரண்டும் இதனால் அடிபட்டுப் போகின்றன. `suggest somebody to do` என்பதும் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஹி சஜெஸ்டெட் மீ டு வெயிட்’ என்று எழுதும் பழக்கம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கடிதத்தில் என்ன போடுவது? வினையை மாற்றுவதே சுலபம்: ‘டெல் மீ வாட் டு டூ’ அல்லது ‘அட்வைஸ் மீ வாட் டு டூ’. அட்வைஸ் லத்தீன்–பிரெஞ்சு வழி வந்ததுதான், அழுத்தமும் பின்னால்தான். ஆனால் அது ஆளை நேராக ஏற்கும் வினை. ஒலி விதியை மட்டும் நம்பியிருந்தால் இங்கே சறுக்கியிருப்போம்.

‘செண்ட் மீ தி ஃபார்ம்’ அப்படியே இருக்கட்டும். ‘கன்ஃபர்ம் மீ தி டேட்’ என்பதில் ‘மீ’ போய்விட வேண்டும். ‘கன்ஃபர்ம் தி டேட்’ போதும்.

மிஞ்சியிருப்பது முதல் வாக்கியம், ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்டு’. இது செயப்பாட்டு வினை என்பதால் ‘மீ’ கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தப்பு அதேதான். வினைக்கு நேராக அடுத்து நிற்க முடிந்த சொல்தான் செயப்பாட்டு வாக்கியத்தில் எழுவாயாக முன்னால் வர முடியும். ‘டெல் மீ’ சரி என்பதால் ‘ஐ வாஸ் டோல்டு’ சரி. ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ இல்லை என்பதால் ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்டு’ இல்லை. அந்த வாக்கியம் அப்படியே நின்றால், ‘என்னை விளக்கிவிட்டார்கள்’ என்று ஆகும். ‘இட் வாஸ் எக்ஸ்பிளெய்ன்டு டு மீ தட்’ என்று எழுதலாம். ‘யுவர் ஸ்டாஃப் டோல்டு மீ தட்’ என்று நேராகச் சொல்வது அதைவிட மேல். அலுவலகக் கடிதங்களில் ‘வீ வேர் எக்ஸ்பிளெய்ன்டு’, ‘ஹி வாஸ் சஜெஸ்டெட்’ என்று வருவதெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அகராதி ஒன்று போதாது என்று தோன்றினால் இன்னொன்றைத் திறந்து பாருங்கள். கேம்பிரிட்ஜ் அகராதி, ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும் வினைகளின் எடுத்துக்காட்டுகளுக்கு முன் `[ + two objects ]` என்ற அடையாளம் போடும். `give` என்று தேடினால் அது கண்ணில் படும். ஒரு எச்சரிக்கை: தமிழ்–ஆங்கில அகராதியிலும், பொருள் மட்டும் தரும் கைபேசிச் செயலிகளிலும் இந்தத் தகவல் கிடைக்காது. ‘விளக்கு’ என்று ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அவை ஒதுங்கிக்கொள்ளும்.

மக்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு கூகுள் புக்ஸின் என்கிராம் வசதி இருக்கிறது. `books.google.com/ngrams` என்ற பக்கத்தில், கமா போட்டு இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
explain me the,explain to me the,tell me the
```

மூன்று தொடர்களும் அச்சு நூல்களில் எவ்வளவு வந்திருக்கின்றன என்பதை வருடவாரியாகக் கோடுகளாகக் காட்டும். ‘டெல் மீ தி’ மேலே ஓடும். ‘எக்ஸ்பிளெய்ன் டு மீ தி’ கீழே இருந்தாலும் தெளிவாகத் தெரியும். ‘டு’ இல்லாதது தரையோடு கிடக்கும். குறைந்தது 40 புத்தகங்களில் வராத தொடரை அந்த வசதி காட்டவே காட்டாது. எனவே ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று வந்தால் தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தொடர் நீளமாக இருப்பதாலும் அப்படி வரலாம். சொற்களைக் குறைத்து மறுபடி தேடுங்கள்.

அதே வேலையை வழக்கமான தேடுபொறியில் செய்வதில்தான் ஆபத்து. `explain me` என்று மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பக்கம் பக்கமாக வரும். ‘இவ்வளவு பேர் எழுதுகிறார்களே, எப்படித் தப்பாகும்?’ என்று தோன்றும். திறந்து படித்தால், நம்மைப் போல் ஆங்கிலம் கற்றவர்கள் எழுதியவை நிறைய இருக்கும். இது தப்பா சரியா என்று கேட்டு எழுதியவையும் அதே எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். எண்ணிக்கையைப் பார்க்காமல் வரிகளைப் படிக்க வேண்டும். அதற்கு `english-corpora.org` என்ற தளத்தில் பதிவு செய்துகொண்டு, 100 கோடிச் சொற்களுக்கும் மேல் கொண்ட அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் தேடலாம். ஒவ்வொரு விடையும் முன்னும் பின்னும் சில சொற்களோடு வரும். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்று அங்கே தென்படும்போது, முதலில் பார்த்த காதலியின் கேள்வி மாதிரி, ‘மீ’ விளக்கப்படும் பொருளாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது நமக்குச் சாட்சியாகாது.

இவ்வளவு பார்த்த பிறகும் சில வினைகள் கோட்டின் மேலேயே நிற்கும். ‘ப்ரொவைட் மீ தி டீடெய்ல்ஸ்’ என்பதை அமெரிக்கர் பலர் எழுதுகிறார்கள்; பிரிட்டிஷ் வழக்கில் ‘ப்ரொவைட் மீ வித் தி டீடெய்ல்ஸ்’ என்று ‘வித்’ வேண்டும். ‘ரெக்கமண்ட் மீ எ புக்’ என்பதைத் தாய்மொழிக்காரர்களிலேயே சிலர் இயல்பாகச் சொல்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். இந்த மாதிரி வினைகளில் ‘வித்’ போட்டும், ‘டு’ போட்டும் எழுதிவிட்டால் இரு தரப்பிலும் யாரும் திருத்த வர மாட்டார்கள். ‘எக்ஸ்பிளெய்ன்’ விஷயத்தில் அகராதிகளுக்குள் அப்படிப்பட்ட தகராறு இல்லை.